சப்போர்ட் இல்லாமல் மரை மூடி டப்பா: உங்கள் அனுபவம் என்ன?

தையல்பெட்டி: அம்மாவின் பொத்தான்களுக்காக 3டி பிரிண்டரில் அச்சடிக்க 60 மி.மீ. வாயுள்ள டப்பா ஒன்று வரைந்தேன். முதலில் வழக்கமான மெட்ரிக் மரையையே போட்டேன். ஒவ்வொரு புரியின் அடிப்பக்கமும் நூல் நூலாகத் தொங்கியது, மூடி அரைச் சுற்றிலேயே இறுகி நின்றுவிட்டது. காரணம் பிறகுதான் பிடிபட்டது. அந்த மரையின் அடிச்சரிவு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரிதான். 0.2 மி.மீ. லேயரில் ஒவ்வொரு அடுக்கும் கீழடுக்கைத் தாண்டி 0.35 மி.மீ. வெளியே நீளும். 0.4 நாசில் போடும் கோடே கிட்டத்தட்ட அவ்வளவுதான், உட்கார இடமே இல்லை.

சரிவை 45 டிகிரியாக்கினேன். பிட்ச் 5, ஆழம் 1.5, உச்சியிலும் பள்ளத்திலும் 1 மி.மீ. தட்டை. மூடியின் மரையை மட்டும் சுற்றிலும் 0.35 மி.மீ. தள்ளி வரைந்து, மேல்பக்கம் பெட்டில் படும்படி கவிழ்த்து அச்சடித்தேன். ஒன்றரைச் சுற்றில் வழுக்கிக்கொண்டு மூடுகிறது.

லேத்காரர்: கணக்கு சரி. மரை தொடங்கும் இடத்தைச் சட்டென்று வெட்டி விட்டிருக்கிறீர்களா? அரைக்கால் சுற்றுக்கு ஆழத்தைப் படிப்படியாகக் குறைத்து முடியுங்கள். இல்லையென்றால் மூடி முனையில் இடித்துக் கோணலாக ஏறும். இன்னொன்று, என் முதல் டப்பா மரையில் கெடவில்லை, தோளில் கெட்டது. கழுத்து ஒடுங்கும் இடத்தில் உள்சுவரைத் தட்டையாக வளைத்துவிட்டேன். வெளியே பார்க்க அழகு, உள்ளே இழைகள் தொங்கின. அந்தத் தோளுக்கும் 45 டிகிரிச் சரிவு வேண்டும்.

பச்சைஇழை: இடைவெளிக்கெல்லாம் மறுபடி வரைய வேண்டாம். ஸ்லைசரில் மூடியை 101% ஆக்கினால் போதும், எனக்கு எப்போதும் சரியாக வந்திருக்கிறது.

லேத்காரர்: 60 மி.மீ. வாய்க்கு வரும், சுற்றிலும் 0.3 கிடைக்கிறதே. 25 மி.மீ. குப்பிக்கு அதே 101% போட்டால் 0.125தான், இறுகிவிடும். இடைவெளி விட்டத்தைப் பொறுத்ததில்லை, உங்கள் பிரிண்டரைப் பொறுத்தது. கழுத்தையும் மூடியின் வளையத்தையும் மட்டும் தனியாக அச்சடித்துப் பாருங்கள், அரைமணி வேலை.

பச்சைஇழை: நான் செய்ததெல்லாம் பெரிய டப்பாதான், உண்மை.

தண்ணீர்பாட்டில்: என் மகளின் ஸ்கூல் பாட்டில் மூடி உடைந்துவிட்டது. இந்த 5 மி.மீ. மரையே அதற்குப் பொருந்துமா?

தையல்பெட்டி: பொருந்தாதுங்க. பாட்டிலின் மரையைத்தான் அளக்க வேண்டும்: இரண்டு புரிகளின் உச்சிக்கு உச்சி தூரம், வெளி விட்டம். இரண்டையும் வெர்னியரில் எடுத்துப் போடுங்கள். ஆனால் குடிக்கிற தண்ணீருக்கு நான் இதைச் செய்ய மாட்டேன், அடுக்குகளுக்கு நடுவே அழுக்கு தங்கிவிடும்.

என் டப்பாவிலும் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துப் பார்த்தேன், மரை வழியாகச் சொட்டியது. பொத்தானுக்குப் பரவாயில்லை. மூடிக்குள் டி.பி.யூ. வளையம் வைத்து யாராவது ஒழுகலை நிறுத்தியிருக்கிறீர்களா?

லேத்காரர்: வைத்தேன். ஒரு வாரம் நின்றது, அப்புறம் மறுபடி கசிந்தது. வளையம் தளர்ந்ததா, கழுத்தின் விளிம்பு சமமில்லையா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.