வாசிப்பு மூலையும் இரவல் அட்டையும்: சில வகுப்பறை அனுபவங்கள்

தக்கலைப் பக்கத்து ஆசிரியை:

ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகள் ஒரே அறையில் அமரும் தொடக்கப் பள்ளியில் பணிபுரிகிறேன். சன்னலை ஒட்டி ஒரு நீளப் பெஞ்சைப் போட்டு, அதன்மேல் ஐந்து பிளாஸ்டிக் கூடைகளை வைத்து வாசிப்பு மூலை அமைத்திருக்கிறோம். எங்களிடம் உள்ளவை பெரும்பாலும் ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய நூல்கள். அவற்றை அலமாரியில் நெருக்கி அடுக்கினால் எது எந்தப் புத்தகம் என்று பெரியவர்களுக்கே தெரியாது. அதனால் முன்னட்டை பிள்ளைகளைப் பார்த்தபடி நிற்குமாறு, ஒரு கூடைக்குப் பதினைந்துக்கு மேற்படாமல் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போனால் சின்னக் கைகளால் புரட்ட முடிவதில்லை. இழுத்து எடுக்கும்போது அட்டை கிழிகிறது.

கூடைகளின் பெயர்கள் கடல், விலங்குகள், வீடும் உணவும், சிரிப்புக் கதைகள், எண்கள் என்பன. ஒவ்வொரு கூடையிலும் பெயருடன் ஒரு படம் உண்டு. கடல் கூடையில் மீன் படம் என்றால், அதிலுள்ள ஒவ்வொரு புத்தகத்தின் முன்னட்டையிலும் வலது மேல்மூலையில் அதே மீன் ஒட்டப்பட்டிருக்கும். கீழ்மூலையில் ஒட்டினால் கூடைக்குள் மறைந்துவிடும். நிறத்தை மட்டும் நம்பி அடையாளம் வைக்கவில்லை; சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பையன்கள் சில வகுப்புகளில் இருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் மீனை மீனோடு சேர்த்து வைத்துவிடுகிறது.

இரவல் பதிவுதான் இதில் நான் மிகவும் யோசித்த பகுதி. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்ளே ஒரு காகித உறை ஒட்டி, அதில் அந்தக் கூடையின் படமும் புத்தகத்தின் எண்ணும் உள்ள ஓர் அட்டையை வைத்திருக்கிறேன். சுவரில் பைகள் தைத்த ஒரு துணி தொங்குகிறது. ஒவ்வொரு பையிலும் ஒரு பிள்ளையின் பெயரும் படமும் இருக்கும். புத்தகம் எடுக்கும் பிள்ளை உறையிலுள்ள அட்டையைத் தன் பையில் போட வேண்டும். திருப்பிக் கொண்டுவந்ததும் அந்த அட்டையைப் புத்தகத்துக்குள் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பைகளில் உள்ள அட்டைகளைப் பார்த்து நான் ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறேன். மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற கிளை நூலகர், நாகர்கோவில்:

டீச்சர், நீங்கள் செய்திருப்பது பழைய பொது நூலகங்களில் நாங்கள் கையாண்ட பிரௌன் முறையின் சிறு வடிவம். அங்கே புத்தகத்தின் அட்டையை வாசகரின் சீட்டுறைக்குள் செருகி, திருப்ப வேண்டிய தேதி வாரியாகத் தட்டில் அடுக்கி வைப்போம். உங்கள் வகுப்பில் தேதிக்குப் பதிலாகப் பிள்ளையின் பை இருப்பதே சரி, ஏனெனில் 'யாரிடம் இருக்கிறது?' என்ற ஒரு கேள்விக்குத்தான் அங்கே விடை வேண்டும்.

வெள்ளிக்கிழமை இன்னொரு கணக்கையும் பாருங்கள். கடல் கூடையில் மொத்தம் 14 புத்தகங்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடையில் 11 புத்தகமும், பைகளில் 2 மீன் அட்டையும் இருந்தால் கூட்டுத்தொகை 13. அப்படியானால் யாரோ ஒரு குழந்தை அட்டையைப் பையில் போடாமலே புத்தகத்தை எடுத்துச் சென்றிருக்கிறது. கூடையில் 12, பைகளில் 3 என்று 15 வந்தால், புத்தகத்தைத் திருப்பி வைத்தவர் அட்டையை எடுக்க மறந்திருக்கிறார். இரண்டும் வேறு வேறு தவறுகள். முதலாவதற்குப் புத்தகத்தைத் தேட வேண்டும், இரண்டாவதற்கு அந்தப் பையின் உரிமையாளரைக் கூப்பிட்டு அட்டையை இடம் மாற்றச் சொன்னால் போதும். ஆனால் ஒரே வாரத்தில் இரண்டும் நடந்தால் தொகை 14 என்றே வரும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே மாதம் ஒருமுறையாவது தொகையை விட்டுவிட்டு, பையிலுள்ள ஒவ்வோர் அட்டையின் எண்ணும் கூடையில் இல்லாத புத்தகத்தின் எண்தானா என்று நேருக்கு நேர் பாருங்கள்.

மார்த்தாண்டம் ஆசிரியர்:

எனக்கு இந்தக் கூடைப் பெயர்களில் உடன்பாடில்லை. தமிழ்நாடு அரசு பள்ளிகளுக்குத் தந்த வாசிப்பு இயக்க நூல்களே, எளியதிலிருந்து தொடங்கி நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துத்தான் வந்திருக்கின்றன. அந்த நான்கையும் நான்கு கூடைகளின் பெயராக வைத்தால் பிள்ளை தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும். பொருள் வாரியாகப் பிரித்தால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை கடினமான நூலை எடுத்துவிட்டுப் படம் பார்த்தே திருப்பி வைத்துவிடும்.

தக்கலைப் பக்கத்து ஆசிரியை:

சார் சொல்வதில் பாதி எனக்கும் ஏற்புடையதே. படிக்க இயலாத நூலோடு ஒரு குழந்தை வாரம் முழுவதும் இருப்பது பயனற்றது. ஆனால் பெரிய எழுத்தில் 'நுழை' என்று எழுதிய கூடைக்கு முன் மூன்றாம் வகுப்புப் பையன் நிற்பதை மற்றவர்கள் கவனிக்கிறார்கள். அவன் பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை. நிலையைக் குறிக்கும் சிறு புள்ளியைப் பின்னட்டையின் உட்புறத்தில் வைத்து, எடுக்கும்போது நான் மட்டும் பார்த்துக்கொள்கிறேன். பெரிய வகுப்புகளில் இது போதுமா என்று என்னால் சொல்ல இயலாது.

மார்த்தாண்டம் ஆசிரியர்:

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரும் எடுப்பதை நின்று பார்க்க இயலாது, டீச்சர். நான் என் கூடைகளை மாற்றப் போவதில்லை.

குளச்சல் பெற்றோர்:

என் மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். வீட்டுக்குக் கொண்டுவந்த புத்தகத்தில் தம்பி கிறுக்கிவிட்டான். அவள் அழுதுகொண்டே அதைப் பைக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். நாங்கள் பணம் கட்ட வேண்டுமா?

தக்கலைப் பக்கத்து ஆசிரியை:

அக்கா, உங்கள் பள்ளியில் என்ன வழக்கம் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வகுப்பின் நான்கு விதிகளுள் ஒன்று, 'கிழிந்தால் சொல்' என்பது. மற்றவை: கையைத் துடைத்துவிட்டு எடு, ஒரு நேரத்தில் ஒரே புத்தகம், அட்டையைப் பையில் போடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் ஒட்டியிருக்கிறேன். பெஞ்சின் ஓரத்தில் புத்தக ஆஸ்பத்திரி என்று ஒரு காலிக் கூடையும் உண்டு. கிழிந்ததைக் கொண்டுவந்து அதில் போடும் பிள்ளையிடம் யார் கிழித்தது என்று நான் விசாரிப்பதில்லை. விசாரித்தால் அடுத்த புத்தகம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். மழைநாளில் வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையும் கொடுக்கிறேன்.

முட்டம் ஆசிரியை:

எங்கள் கடற்கரையில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக்காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, துருக்கறை தாளைத் தின்று, நடுத்தாள் தனியே கழன்றுவிடுகிறது. புதுப் புத்தகம் வந்ததுமே பின்னைக் கழற்றிவிட்டு, மடிப்பில் மூன்று துளையிட்டுக் கெட்டியான பருத்தி நூலால் தைத்துவிடுகிறோம். ஊசியை நடுத்துளை வழியாக வெளியே எடுத்து, மேல் துளையில் உள்ளே விட்டு, உட்புறமாகக் கீழ்த்துளைக்குக் கொண்டுபோய் வெளியே எடுத்து, மீண்டும் நடுத்துளையில் உள்ளே செலுத்தி முடிச்சிட வேண்டும். செல்லோடேப் ஒட்ட வேண்டாம். அது மஞ்சளாகி அந்த இடத்திலேயே தாள் நொறுங்கும்.

பிறகு, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அன்போடு பனையோலைப் பெட்டிகள் தந்தார்கள். பார்க்க அழகாகவே இருந்தன. நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆனியில் பூத்த பூசணம் ஓலையிலிருந்து அட்டைக்கும் ஏறிவிட்டது. இப்போது அவற்றில் சுண்ணக்கட்டியும் கிரேயானும் வைத்திருக்கிறோம். புத்தகங்கள் துளையுள்ள பிளாஸ்டிக் கூடைக்குப் போய்விட்டன.

ஓய்வுபெற்ற கிளை நூலகர், நாகர்கோவில்:

பெஞ்சைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள், டீச்சர்; மழைக்காலத்தில் சுவரின் ஈரம் கூடையின் பின்வரிசைக்குத்தான் முதலில் இறங்கும். வெயில் வரும் நாளில் புத்தகங்களை நேர்வெயிலில் காய வைக்காமல், தாழ்வாரத்தில் விரித்து நிறுத்தி வைத்தால் போதும்.