பெற்றோர் பணம் கொடுத்து வாங்கிய வீடு: உரிமைப் பத்திரமான கிரானில் யார் பெயர் போட்டீர்கள்?

செந்தூல்வாசி

2016இல் செந்தூலில் 480,000 ரிங்கிட்டுக்கு ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கினோம். அப்பா தம் சேமநிதிப் பணத்திலிருந்து 90,000 கொடுத்தார். வங்கிக் கடன் என் பெயரிலும் மனைவி பெயரிலும் இருந்தது. வழக்கறிஞர் அலுவலகத்தில் "கிரானில் யார் யார் பெயர், ஆளுக்கு எவ்வளவு பங்கு?" என்று கேட்டபோது, நாங்கள் வாய் திறப்பதற்குள் அப்பா, "மூன்று பேருக்கும் சமமாகப் போடுங்கள், அப்போதுதான் சண்டை வராது" என்று சொல்லிக் கையெழுத்திட்டுவிட்டார். பணம் கொடுத்தவரிடம் அந்த இடத்தில் என்ன சொல்ல முடியும்?

அப்பா 2022இல் உயில் எழுதாமல் காலமானார். கூட்டாக வாங்கிய வீடு என்பதால் அவருடைய பங்கு தானாகவே எங்கள் இருவருக்கும் வந்துவிடும் என்றுதான் இருந்தேன். நில அலுவலகத்தில் எழுத்தர் ஒரு தாளை எடுத்து, அம்மாவுக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, என் தம்பியின் பெயருக்கு நேராக 2/27 என்று எழுதி அடிக்கோடிட்டார். நான், தம்பி, தங்கை என நாங்கள் மூன்று பிள்ளைகள். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். அந்த வீட்டிற்குள் மூன்று முறைதான் வந்திருப்பான். அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எப்படி நடந்தது?

பட்டர்வொர்த் மருமகள்

எங்கள் வீட்டில் பேச்சே நடக்கவில்லை. முன்பணம் மாமியார் கொடுத்ததால் கிரானில் அவர் பெயர் மட்டும்தான். தவணையை ஏழு வருடங்கள் என் சம்பளத்திலிருந்து கட்டினேன். பணம் என் கணக்கிலிருந்து மாமியாரின் கடன் கணக்கிற்கு ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி போகும். கணவரைப் பிரிந்தபோதுதான், அந்த வீடு கணவர் சொத்தாகவே இல்லாததால் பங்கு கேட்க வழியில்லை என்பது எனக்குப் புரிந்தது. இனி மாமியாருக்கு எதிராகத் தனியாக வழக்குத் தொடுத்து, நான் கட்டியது உதவியல்ல, வீட்டில் உரிமை பெறுவதற்காகத்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். வங்கி அறிக்கைகள் அனைத்தையும் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் விவரப் பகுதியில் நானே தட்டச்சு செய்த சொல் 'அம்மா'. வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

கெப்போங் குமார்

செந்தூல்வாசி அவர்களே, தவறு உங்கள் அப்பாவுடையதல்ல, உங்களுடையது. அவர் உயிரோடு இருந்தபோதே பங்கை உங்கள் பெயருக்கு மாற்றியிருந்தால் ஒரு காசும் செலவாகியிருக்காது, ஏனென்றால் பெற்றோர் பிள்ளைகளுக்கு அன்பின் பேரில் கொடுக்கும் சொத்துக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. என் அம்மா எனக்கு அப்படித்தான் கொடுத்தார். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: பெற்றோர் பணம் கொடுத்தால் பெயரே போட வேண்டாம், நில அலுவலகத்தில் ஒரு கேவியட் போட்டுவிட்டால் போதும், பிள்ளை வீட்டை விற்க முடியாது. வழக்கறிஞரிடம் போவதற்கு முன் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள், மாமனாரையும் கூப்பிடுங்கள், நகைக் கணக்கையும் அன்றே முடித்துவிடுங்கள், தீபாவளிக்கு முன்னதாகவே பேசினால் நல்லது, பண்டிகை நேரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது.

ஜார்ஜ்டவுன் கிளார்க்கம்மா

பினாங்கில் வழக்கறிஞர் அலுவலகத்தில் 26 ஆண்டுகள் சொத்துக் கோப்புகளைப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். குமார் தம்பி சொன்னதில் பாதி சரி. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும்போது முதல் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு முழு விலக்கு என்பது 2023 ஏப்ரல் 1இல் தொடங்கியது. இவருடைய அப்பா 2022இலேயே போய்விட்டார். அந்த விலக்கு பிள்ளைக்குத்தான், மருமகளுக்கு இல்லை. அதோடு வீடு வங்கி அடமானத்தில் இருக்கும்போது வங்கியின் சம்மதம் இல்லாமல் பங்கை நகர்த்த முடியாது. வழக்கறிஞர் கட்டணமும் உண்டு. ஆகவே 'ஒரு காசும் இல்லை' என்பது சரியல்ல.

கேவியட் பற்றிச் சொன்னது இன்னும் ஆபத்தானது. அதைப் போடுபவருக்கு அந்த நிலத்தின்மீதே ஓர் உரிமை இருக்க வேண்டும். மகனுக்கு வெறும் கைமாற்றாகப் பணம் கொடுத்த அப்பாவுக்கு அது இல்லை. மகன் நீதிமன்றத்திற்குப் போனால் கேவியட் நீக்கப்பட்டுவிடும். அப்பா பிள்ளைக்கு எதையும் எழுதி வாங்காமல் கொடுத்தால், அது அன்பளிப்பு என்ற அனுமானத்தில்தான் நீதிமன்றம் தொடங்கும். கடன் என்றால் கடன் பத்திரம், வீட்டில் பங்கு என்றால், பெயர் மகனுடையதானாலும் அந்தப் பங்கு அப்பாவுடையது என்று சொல்லும் அறக்கட்டளைப் பத்திரம், இரண்டில் ஒன்றை வாங்கும் நாளிலேயே எழுதியிருக்க வேண்டும்.

செந்தூல்வாசியின் நெஞ்சில் குத்துவது வேறு விஷயம். வெளிநாட்டுக் கதைகளைப் படித்துவிட்டு, கூட்டு உரிமையாளர் இறந்தால் மற்றவருக்குத் தானாகப் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். நம் நாட்டு நிலச் சட்டத்தில் அப்படி இல்லை. கணவன், மனைவி இருவர் பெயரும் கிரானில் இருந்தாலும் அவரவர் பங்கு அவரவர் மரணச் சொத்தாகத்தான் போகும். உங்கள் கணக்கு சரிதான்: அப்பாவின் மூன்றில் ஒரு பங்கில் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்று பிள்ளைகளுக்குச் சமமாக. ஆக 27 பங்கில் உங்களுக்கு 11, மனைவிக்கு 9, அம்மாவுக்கு 3, தம்பிக்கும் தங்கைக்கும் தலா 2. ஒரு கேள்வி: அப்பா இறந்தபோது உங்கள் பாட்டி உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அப்பாவின் பங்கில் கால் பாகம் அவருக்குப் போயிருக்கும், அம்மாவுக்கும் கால் பாகமே கிடைத்திருக்கும்.

என் அனுபவம் ஒன்று. ஒரு முதியவர் மகனுக்காக 1,20,000 கொடுத்தார். கடன் பத்திரம் தயாராக இருந்தது, மகன் பேனாவைக் கையில் எடுத்துவிட்டான். முதியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இவன் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, கிழித்துவிடுங்கள்" என்றார். நான்தான் கிழித்தேன். நான்கு வருடங்கள் கழித்து அதே முதியவர் அந்தத் தாளின் நகல் இருக்கிறதா என்று கேட்டு வந்தார்.

ஈப்போ சாலை முத்து

நான் சேமநிதியில் மனைவியைப் பெயர் குறிப்பிட்டு வைத்திருக்கிறேன். வீடும் அதில் அடங்கிவிடும்தானே? எங்கள் வீட்டிற்கு மாமனார் 60,000 கொடுத்தார், பெயர் கேட்கவில்லை, அதனால் இந்தப் பிரச்சினை எனக்கு வராது என்று நினைக்கிறேன்.

ஜார்ஜ்டவுன் கிளார்க்கம்மா

அடங்காது, முத்து அண்ணா. சேமநிதிப் பெயர்க்குறிப்பு சேமநிதிப் பணத்திற்கு மட்டும்தான். வீட்டிற்கு உயில் வேண்டும். மாமனார் அந்த 60,000-ஐக் கொடுத்தது உங்களுக்கா, தம் மகளுக்கா என்பதையும் அவர் நினைவோடு இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

கெப்போங் குமார்

சரி, மருமகளுக்கு விலக்கு இல்லை என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அப்பா பெயரே கிரானில் இருக்கக் கூடாது என்கிறீர்களா? அவர் பணத்திற்கு என்னதான் பாதுகாப்பு?

ஜார்ஜ்டவுன் கிளார்க்கம்மா

இருக்கலாம், உயிலோடு இருக்க வேண்டும். கொடுத்த பணத்திற்கு ஏற்ற பங்கை மட்டும் போடுங்கள். 480,000இல் 90,000 என்பது மூன்றில் ஒன்று அல்ல, ஐந்தில் ஒன்றைவிடச் சற்றுக் குறைவு. சமமாகப் பிரித்ததில்தான் கணக்கு பெரிதாகிவிட்டது.

செந்தூல்வாசி

பாட்டி 2019இலேயே காலமாகிவிட்டார். தங்கை தன் பங்கு வேண்டாம் என்று சம்மதம் தெரிவித்துவிட்டாள். அம்மா, தம்பி என்ன செய்கிறானோ அதையே தானும் செய்வதாகச் சொல்கிறார். தம்பி நேற்றிரவு தொலைபேசியில் கோபப்படவில்லை. "அண்ணா, அந்த 90,000 அப்பா உனக்குக் கொடுத்ததா, நமக்குக் கொடுத்ததா?" என்று மட்டும் கேட்டான். நில அலுவலக விசாரணைத் தேதி அடுத்த மாதம்.