அரியமான் மணலில் வாக்கிங் போய் வாங்கிக்கொண்ட கால்வலி

உச்சிப்புளிக்காரன்

வயது 47. ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன், அதாவது காலையிலிருந்து ராத்திரி வரை நாற்காலிதான். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாளே வாக்கிங் கிளம்பிவிட்டேன். அரியமான் கடற்கரை பக்கத்தில் இருக்கும்போது ரோட்டில் எதற்கு நடக்க வேண்டும் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் நாளே 50 நிமிடம், அதுவும் குதிகால் புதைகிற காய்ந்த மணலில். அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை. மறுநாள் லேசாகப் பிடித்த மாதிரி இருந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் மாடிப்படியில் நேராக இறங்க முடியாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன், வீட்டில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. இரண்டு கெண்டைக்காலும் கல்லாகக் கிடந்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட முடியாது, மொத்தச் சதையும்தான். கொஞ்ச நேரம் நடந்தால் இளகிவிடும். ஐந்தாம் நாள் வலி போன இடம் தெரியவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் கெட்டேன். இரண்டாவது வாரம் ஒரு நாள் விடாமல் 70 நிமிடம். மூன்றாவது வாரம் வேறு ஒரு வலி வந்தது. இடது காலில் மட்டும், சதையில் இல்லை, முன்கால் எலும்பின் உட்பக்க ஓரத்தில், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. இதுவும் பழைய வலிதான் என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தேன். முதலில் பத்து நிமிடத்தில் அடங்கியது, அடுத்த வாரம் நடந்து முடிக்கும் வரை கூடவே வந்தது, அப்புறம் கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் விண் விண் என்று. நான்கு நாளாக நிறுத்தி வைத்திருக்கிறேன். இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா?

பாம்பன் தம்பி

அண்ணே, நிறுத்தாதீங்க. அது லாக்டிக் ஆசிட் தேங்குறது, உட்கார்ந்தா இன்னும் கட்டிக்கும். நான் ஜிம்முல சேர்ந்த புதுசுல இதே கதைதான், வலிக்க வலிக்க மெதுவா நடந்தே சரி பண்ணினேன். தாங்கிட்டு நடங்க, ஒரு வாரத்துல போயிரும்.

மொட்டைமாடி

நான் கீழக்கரை. தெருவில் நடக்கத் தோதுப்படாது, சுபுஹு தொழுதுவிட்டு மொட்டைமாடியில்தான் நடப்பேன். முதல் வாரம் எனக்கும் கெண்டைக்கால் பிடித்தது, நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினேன், நாலாம் நாள் சரி. ஆனால் உங்களுடைய இரண்டாவது வலி அப்படித் தெரியவில்லையே. ஒரு காலில் மட்டும் வருகிறது, நாளாக ஆகக் குறையாமல் கூடுகிறது. எனக்கு அப்படி வந்திருந்தால் பயந்திருப்பேன்.

பழைய பிடி வாத்தியார்

மொட்டைமாடி சொல்வது சரி. தம்பி சொல்வது பாதி சரி. முதல் வாரத்துச் சதை வலிக்கு மெதுவாக நடப்பது நல்லதுதான், இளகும். ஆனால் காரணம் ஆசிட் இல்லை, அது நடந்து முடித்த ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும், இரண்டு நாள் கழித்து வலிக்க அங்கே இருக்காது. பழக்கமில்லாத வேலை கொடுத்ததில் சதை நார்கள் நுணுக்கமாகக் காயப்பட்டு ஆறுகிற வலி அது. இரண்டாம் நாள் மூன்றாம் நாள் உச்சம், அப்புறம் தானே இறங்கும். மணலில் குதிகால் கீழே போய்விடுவதால் ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் அதிகமாக இழுபட்டு, அதிகமாகத் தள்ள வேண்டியிருக்கிறது. ரோட்டில் 50 நிமிடமும் காய்ந்த மணலில் 50 நிமிடமும் ஒரே வேலை இல்லை, மணலில் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இடது கால் வலி வேறு. உட்கார்ந்து, அந்த எலும்பின் உள் ஓரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் அகலத்துக்கு நீளமாக வலித்தால் எலும்பை ஒட்டிய சவ்வும் சதையும் இழுபட்ட வலி, ஓய்வு கொடுத்தால் ஆறும். அப்படி இல்லாமல் ஒரே ஒரு புள்ளியில், காசு அளவு இடத்தில் சுருக்கென்று வந்தால், அல்லது ராத்திரி படுத்த பிறகும் வலித்தால், நடையை விட்டுவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். போலீஸ் செலக்‌ஷனுக்கு 1500 மீட்டர் ஓடப் பழகிய ஒரு பையன், கரையிலேயே தினமும் ஓடி, புள்ளியாக வலித்ததை ஸ்பிரே அடித்து மறைத்து ஓடினான். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதும் மறுபடி ஓடினான். மூன்று வாரம் கழித்து எடுத்ததில் மயிரிழை மாதிரி விரிசல் தெரிந்தது. அந்த வருடம் செலக்‌ஷன் போச்சு. தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக வருவது வழக்கம்தான், அதை நம்பி ஓடக் கூடாது.

ஒன்று கேட்கிறேன், போகும்போதும் வரும்போதும் தண்ணீர் ஓரமாகவா நடந்தீர்கள்?

மண்டபம் டிரைவர்

எனக்கும் கெண்டைக்கால்தான் சார். நான் வாக்கிங்கே போறதில்லை, ஆனா பஸ் ஸ்டாண்டுல இருந்து டீக்கடை வரைக்கும் நடந்தாலே வலது கெண்டை இறுக்கிப் பிடிக்குது, நின்னா ரெண்டு நிமிஷத்துல விட்டுருது, திரும்ப நடந்தா திரும்பப் பிடிக்குது. சுகர் பன்னிரண்டு வருஷம், பீடியும் உண்டு. நீங்க சொன்ன நல்லெண்ணெய் எனக்கும் கேக்குமா?

பழைய பிடி வாத்தியார்

டிரைவர் தம்பி, உங்களுடையது இவருடைய வலி இல்லை. ஒவ்வொரு தடவையும் அதே தூரத்தில் வந்து, நின்றதும் விட்டுவிட்டால் அது சதைக் காயம் இல்லை, சதைக்குப் போகிற ரத்தம் பத்தாத வலியாக இருக்கலாம். எண்ணெயை விடுங்கள். இந்த வாரமே டாக்டரிடம் போய், நடந்தால் வருகிறது நின்றால் போகிறது என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள்.

உச்சிப்புளிக்காரன்

சார், அழுத்திப் பார்த்தேன். நீளமாகத்தான் வலிக்கிறது, ஐந்து விரல் அகலம் இருக்கும். ராத்திரி இல்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில்: மேற்கே போகும்போது தண்ணீர் ஓரம், திரும்பி வரும்போது வெயில் ஏறிவிடும் என்று தார் ரோடு.

பழைய பிடி வாத்தியார்

நினைத்தேன். அப்படியானால் கடல் எப்போதும் உங்கள் வலது கைப்பக்கம்தான். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் மேட்டில் இருக்கிற இடது பாதம் ஒவ்வொரு அடியும் உட்பக்கமாகச் சாய்கிறது, அந்த இழுப்பு போய் விழுகிற இடம் அதே உள் ஓரம். அதுதான் முழுக் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஒரு வாரத்தில் 50-ஐ 70 ஆக்கியதே போதும் வலி வர.

அழுத்தினால் வலி பாதியாகக் குறையும் வரை நடை வேண்டாம். அப்புறம் சமதளத்தில், ஷூ போட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் 20 நிமிடம். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் சில அடிகள்தான் உங்களுக்குப் பரீட்சை. முந்தைய காலையைவிட வலி கூடியிருந்தால் நேற்று நடந்தது அதிகம், அடுத்த முறை குறையுங்கள். கூடவில்லை என்றால் வாரத்துக்கு 5 நிமிடம் ஏற்றலாம். தூரத்தைக் கணக்கு வைக்காதீர்கள், நிமிடத்தை வையுங்கள்.

பாம்பன் தம்பி

சரி சார், ஒத்துக்கறேன். ஆனா நடக்கறதுக்கு முன்னாடி காலை நீட்டி ஸ்ட்ரெச் பண்ணினா இதெல்லாம் வராதுன்னு எங்க மாஸ்டர் சொல்றாரு.

பழைய பிடி வாத்தியார்

நானும் முப்பது வருடம் அதையே சொல்லிக்கொடுத்தவன்தான். பண்ணின பிள்ளைகளுக்கும் வலித்தது, பண்ணாதவர்களுக்கும் வலித்தது. முதல் பத்து நிமிடம் மெதுவாக நடக்கட்டும், அது போதும் என்பது இப்போது என் கட்சி. உங்கள் மாஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

உச்சிப்புளிக்காரன்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். ஒன்பது நாள் சும்மா இருந்தேன், பிறகு 20 நிமிடத்தில் ஆரம்பித்தேன். நடுவில் கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்ற மறுநாள் காலையில் வலி கூடியது, அந்த வாரம் ஏற்றவில்லை. இப்போது 35 நிமிடம், அழுத்தினால் எங்கே வலித்தது என்றே தேட வேண்டியிருக்கிறது. மணலுக்கு எப்போது திரும்பலாம் என்று சாரிடம் கேட்டால் ஈர மணலில் 5 நிமிடம் பார் என்கிறார், வீட்டில் ரோடே போதும் என்கிறார்கள். முடிவு செய்யவில்லை.

மண்டபம் டிரைவர்

நானும் போய் வந்தேன் சார். கையில பாக்குற மாதிரி கணுக்கால்லயும் பிரஷர் பார்த்தாங்க, கையை விட ரொம்பக் கம்மி. ரத்தக்குழாய் சுருங்கியிருக்காம். மாத்திரை கொடுத்தாங்க, பீடியை இன்னைக்கே விடணும்னாங்க. அப்புறம் சொன்னதுதான் வேடிக்கை, வலி நல்லா வர்ற வரைக்கும் நட, நில்லு, விட்டதும் மறுபடி நடன்னு. உச்சிப்புளி அண்ணனுக்கு வலிச்சா குறைக்கணும், எனக்கு வலிக்கிற வரைக்கும் நடக்கணும். பீடி இன்னும் ரெண்டுல நிக்குது.