2025 செப்டம்பர் மாத ஜிஎஸ்டி: விகித வாரியாகத் தொகுத்தபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மதுரை_மருந்துக்கணக்கு

மருந்து மொத்த வியாபாரம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது அனைவருக்கும் தெரியும். அன்று காலையிலேயே ஐட்டம் மாஸ்டரில் விகிதத்தை மாற்றிவிட்டோம். அக்டோபர் 10 இரவு, மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும் என்பதால், பில்களை வரிசை வரிசையாக எக்செலில் இறக்கி விகித வாரியாகக் கூட்டினேன். 5 சதவீதத்தில் ரூ.9,00,000 மதிப்பும் ரூ.45,000 வரியும் வந்தன. 12 சதவீதம் என்ற வரிசையே இல்லை.

லெட்ஜரில் வசூலான வரியோ ரூ.89,800 என்று இருந்தது. வித்தியாசம் 44,800. அதை இரு விகிதங்களுக்கும் உள்ள இடைவெளியான 7 சதவீதத்தால் வகுத்துப் பார்த்தேன். சரியாக 6,40,000 வந்தது. அதே தொகைதான் 21ஆம் தேதி வரையிலான விற்பனை. செப்டம்பர் 9 தேதியிட்ட பில் ஒன்றின் நகலை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். காகிதத்தில் 12 என்றும், திரையில் அதே பில் எண்ணுக்கு நேரே 5 என்றும் இருந்ததைப் பார்த்த அந்தக் கணம் இன்னும் என்னை விடவில்லை. காரணம் விகித நெடுவரிசையில் இருந்த இந்த ஃபார்முலாதான்:

```
=VLOOKUP(C2,Items!A:D,4,FALSE)
```

பில் போட்ட அன்று இருந்த விகிதத்தை எடுக்காமல், இன்றைய மாஸ்டரில் உள்ள விகிதத்தை அது எடுத்திருக்கிறது. வரியையும், மதிப்பை அந்த விகிதத்தால் பெருக்கியே கணக்கிட்டிருந்தேன். வாங்குபவரிடம் வரி என்று வசூலித்ததை அரசுக்குக் கட்டியே தீர வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 76ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியிருக்க, பில்லில் அச்சான வரியைக் கூட்டாமல் நானே பெருக்கி ஒரு வரியை உண்டாக்கியது எவ்வளவு பெரிய பிழை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து விகிதம், மதிப்பு, வரி மூன்றையும் பில்லிலிருந்தே எடுக்கிறேன்; பெருக்கலைச் சரிபார்ப்பதற்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

ஈரோடு_ஆடிட்_உதவியாளர்

எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கும் இதே நிலைதான் வந்தது. சிமென்ட் கடை, 28 சதவீதத்திலிருந்து 18. ஆனால் இதற்கு நீங்கள் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டியதில்லை. தேதியை வைத்துப் பிரித்தால் போதும். 22ஆம் தேதிக்கு முந்தைய பில் எல்லாம் பழைய விகிதம், அன்றும் அதற்குப் பிறகும் உள்ளவை புதிய விகிதம். விகித நெடுவரிசை எவ்வளவு குழம்பியிருந்தாலும் தேதி பொய் சொல்லாது. மதிப்பு G-யிலும் தேதி A-யிலும் இருந்தால், இந்த ஒரு வரியே பழைய விகிதத்துக்கான மதிப்பைத் தந்துவிடும்:

```
=SUMIFS(G:G,A:A,"<"&DATE(2025,9,22))
```

இதைச் செய்வதற்கு முன், தேதி நெடுவரிசை உண்மையிலேயே தேதியாக இருக்கிறதா, எழுத்தாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மென்பொருளிலிருந்து இறக்கும்போது 09-10-2025 என்பது சில கணினிகளில் செப்டம்பர் 10 ஆகிவிடும். நாள், மாதம், ஆண்டு என்று அமைப்பை மாற்றி, மறுபடி இறக்கி, முதல் பில்லையும் கடைசி பில்லையும் கண்ணால் ஒப்பிட்டுவிட்டு, அதன் பிறகே கூட்ட வேண்டும். மாதந்தோறும் இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஏஜென்சி_அக்கவுண்ட்ஸ்_சேலம்

ஈரோடு நண்பர் சொல்வது விற்பனை பில்லுக்கு மட்டுமே பொருந்தும். அந்த வழியில் போய்த்தான் எனக்கு அடி விழுந்தது. தலைக்கு எண்ணெய், ஷாம்பு எடுத்து விநியோகிக்கிறோம். 18 சதவீதம் 5 ஆனது. செப்டம்பர் முதல் வாரத்தில் போன சரக்கில் ரூ.12,500 மதிப்புள்ளதை ஒரு கடைக்காரர் அக்டோபரில் திருப்பிவிட்டார். கிரெடிட் நோட் போட்ட பையன் தேதியைப் பார்த்து 5 சதவீதம் வைத்தான்: வரி ரூ.625. மூல பில்லில் அந்தச் சரக்குக்கு நாங்கள் வாங்கிய வரி ரூ.2,250.

கடைக்காரர் இரண்டு காகிதங்களையும் மேசையில் விரித்து, "அண்ணே, என்கிட்ட வாங்கினது பதினாலாயிரத்து எழுநூத்தி ஐம்பது, திருப்பித் தர்றது பதிமூணாயிரத்து நூத்தி இருபத்தஞ்சா?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை, ரூ.1,625 எங்கே போனது என்று நான் சொல்லும்வரை விரலை அந்த எண் மீதே வைத்திருந்தார். கிரெடிட் நோட் எந்தத் தேதியில் போட்டாலும், அதற்குரியது மூல பில்லின் விகிதம்தான். ஆகவே எங்கள் அக்டோபர் தொகுப்பில் 18 சதவீதத்தில் எண்ணெய்க்கு விற்பனையே இல்லாமல் கழித்தல் மட்டும் நிற்கிறது. அது பிழையல்ல. தேதியை வைத்துப் பிரிப்பவர்கள் அந்தக் கழித்தலை 5 சதவீதத்துக்குள் தள்ளி, எதுவும் தெரியாமல் ஜிஎஸ்டிஆர்-1 போட்டுவிடுவார்கள்.

ஈரோடு_ஆடிட்_உதவியாளர்

கிரெடிட் நோட் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. அதைத் தனித் தாளில் பிரித்துவிட்டால் என் ஃபார்முலா நிற்கும் என்றே இப்போதும் கருதுகிறேன்.

கோவை_ஸ்டோர்ஸ்

எனக்கும் செப்டம்பரில் 12 சதவீதச் சரக்கு ஒன்று காணாமல் போனது. நான் கொள்முதல் செய்த பில் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வரவில்லை. விற்றவர் இன்னும் போடவில்லை என்கிறார். இதற்கு என்ன செய்வது?

மதுரை_மருந்துக்கணக்கு

அது உள்ளீட்டு வரி சம்பந்தப்பட்டது, ஐயா. நாம் பேசுவது நாம் வசூலித்த வரியைப் பற்றி. விற்றவர் ஜிஎஸ்டிஆர்-1 போட்டால்தான் உங்களுக்கு அது தெரியும்.

தஞ்சை_மளிகை

எங்கள் அனுபவம் பைசாவில் நேர்ந்தது. வரியை அருகிலுள்ள முழு ரூபாய்க்குத் திருத்த வேண்டும் என்று 170ஆம் பிரிவில் இருப்பதால், பில்லில் பொருளுக்குப் பொருள் திருத்தும்படி மென்பொருளில் அமைத்திருந்தேன். ரூ.9 மதிப்புள்ள சிறு பாக்கெட்டுக்கு 5 சதவீத வரி 45 பைசா, அது சுழியாகிவிட்டது. ஒரு மாதத்தில் 3,000 பாக்கெட் ஒவ்வொன்றாகப் போனது. விகிதத் தொகுப்பில் மதிப்பு ரூ.27,000 நிற்கிறது, நேரே வரி இல்லை. வர வேண்டியது ரூ.1,350. விற்பனை விலையில் வரி அடங்கியிருந்ததால் வாடிக்கையாளர் அதைக் கொடுத்துவிட்டார். என் கணக்குதான் வாங்கவில்லை என்கிறது. சட்டத்தை மதித்துச் செய்தது இப்படி முடிந்தது எனக்கு வருத்தமே.

ஏஜென்சி_அக்கவுண்ட்ஸ்_சேலம்

ஒவ்வொரு பொருளின் வரியையும் இரண்டு தசமம் வரை அப்படியே விடுங்கள், அம்மா. விகித வாரியாகக் கூட்டி, செலுத்த வேண்டிய மொத்தம் வந்த பிறகு ரூபாய்க்குத் திருத்துவதே அந்தப் பிரிவின் வேலை என்று புரிந்துகொண்டிருக்கிறேன். பில்லின் அடியில் வரும் ரவுண்ட் ஆஃப் தொகையையும் எந்த விகிதத்திலும் சேர்க்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். மத்திய வரி, மாநில வரி இரண்டும் எல்லா வரிசைகளிலும் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 5 சதவீதத்தில் 45 பைசா இரண்டாகப் பிரியும்போது ஒருபுறம் 22, மறுபுறம் 23 என்று விழுந்தால், மாதக் கடைசியில் இரு தொகைகளும் ஒட்டாது.

மதுரை_மருந்துக்கணக்கு

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தெளியவில்லை. செப்டம்பர் 20 அன்று டெலிவரி சலான் போட்டு மருந்துகள் கிளம்பின. பில் 23ஆம் தேதி 5 சதவீதத்தில் போடப்பட்டது. பணம் அக்டோபரில் வந்தது.

ஈரோடு_ஆடிட்_உதவியாளர்

பில் தேதியும் பணம் வந்த தேதியும் மாற்றத்துக்குப் பிறகு என்பதால், 14ஆம் பிரிவின்படி 5 சதவீதம் சரியே.

ஏஜென்சி_அக்கவுண்ட்ஸ்_சேலம்

சரக்கு வெளியேறும்போதே பில் போட்டிருக்க வேண்டும் அல்லவா? சலானில் அனுப்பக்கூடிய சரக்காக அது இல்லாதிருந்தால், தாமதமாகப் போட்ட பில்லின் தேதியைக் காட்டிக் குறைந்த விகிதத்தைக் கேட்க முடியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அந்தச் சலான் எதற்காகப் போடப்பட்டது என்பதை முதலில் பாருங்கள்.

மதுரை_மருந்துக்கணக்கு

கடையிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை அந்தப் பில்லின் நான்கு வரிசைகளையும் மஞ்சள் நிறத்தில் வைத்திருக்கிறேன்.