பெட்டி நான்கு நாள் கழித்து வந்தது, மாத்திரை அதற்குள்தான் இருந்தது

வானம்பாடி:
சில மாதங்களுக்கு முன் கிழக்குப் பக்கமாக ஒன்பது மணி நேரம் முன்னே ஓடுகிற ஊருக்குப் போனேன். எட்டு வருடமாகப் பிரஷருக்குக் காலையில் அம்லோடிபின் 5, மெட்டோபிரோலால் 50 இரண்டையும் சேர்த்துப் போடுகிறேன். கிளம்புகிற அன்று எட்டு மணிக்குப் போட்டுவிட்டு மீதிப் பட்டையைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டேன். போய் இறங்கினால் பெட்டி வரவில்லை, "நாளைக்கு வந்துவிடும்" என்றார்கள், மறுநாளும் அதையே சொன்னார்கள்.

இரண்டாம் நாள் இரவு படுத்திருக்கும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, காதுக்குள் கேட்கிறது. தோழி வீட்டுக் கருவியில் பார்த்தால் பிரஷர் 164/98, நாடித்துடிப்பு 112. எனக்கு எப்போதும் 65-ஐத் தாண்டாது.

மறுநாள் காலையே மருத்துவரிடம் போனேன். என் மாத்திரையின் பிராண்டு பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. போனில் பட்டையின் படம் இருந்தது, அதிலும் ஓரத்தைக் கிழித்துக் கிழித்துப் போட்டதில் பெயர் இருந்த மூலை போய், பாதிதான் தெரிந்தது. கடைசியில் வீட்டில் மகளை எழுப்பி மருந்துச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

நெடுவழி:
இவ்வளவு பயப்பட வேண்டியதில்லைங்க. நான் ஒருமுறை மூன்று நாள் மாத்திரையே போடவில்லை, பிரஷர் கொஞ்சம்கூட ஏறவில்லை. உடம்பில் ஏற்கெனவே ஊறியிருக்கும்.

மருந்துக்கடைக்காரர்:
நெடுவழி சார், நீங்கள் போடுவது அம்லோடிபின் மட்டும்தானே? அப்படியென்றால் நீங்கள் சொன்னது ஓரளவு சரி. அது உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும், பாதி குறையவே முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் அதை வைத்து எல்லா மாத்திரைக்கும் கணக்குப் போடக் கூடாது.

இந்த அம்மாவுக்குத் தொந்தரவு கொடுத்தது மெட்டோபிரோலால் நின்றதுதான் என்று நினைக்கிறேன். அட்டெனலால், புரோப்ரனலால் எல்லாம் அதே வகை. இதயத்தை அடக்கி வைத்திருக்கிற மருந்தைத் திடீரென்று எடுத்தால் அது முன்பைவிட வேகமாக அடிக்கும், நெஞ்சுவலிக்காரர்களுக்கு வலியே திரும்பலாம். குளோனிடின் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஓரிரு நாள் விட்டாலே பிரஷர் எகிறும். பெட்டி தொலைந்தால் இந்த மாத்திரைகளை அன்றைக்கே வாங்க வழி பாருங்கள், மறுநாள் பெட்டிக்காகக் காத்திருக்காதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் மரத்துப்போவது என்று எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மெட்டோபிரோலாலிலேயே சக்ஸினேட், டார்ட்ரேட் என்று இரண்டு இருக்கிறது. சக்ஸினேட் மெதுவாகக் கரைவது, நாளுக்கு ஒருமுறை. டார்ட்ரேட் பெரும்பாலும் இரண்டு வேளை. உங்களுக்கு எதைக் கொடுத்தார்கள்?

வானம்பாடி:
அதையேதான் அந்த மருத்துவரும் கேட்டார்! சீட்டில் சக்ஸினேட் என்று இருந்ததால் அதையே எழுதிக் கொடுத்தார். விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாகப் போடலாமா என்று கேட்டேன், கூடவே கூடாது, ஒன்றுதான் என்றார். அன்று மாலைக்குள் நாடித்துடிப்பு 80-க்கு வந்துவிட்டது.

சன்னலோரம்:
எனக்கு நீர் பிரியும் மாத்திரையும் உண்டு. விமானத்தில் சன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் இரண்டு பேரை எழுப்பிப் போக வேண்டியிருக்கிறது. பயண நாளில் அதை விட்டுவிடலாமா?

மருந்துக்கடைக்காரர்:
உங்கள் மருத்துவரைக் கேட்காமல் விடாதீர்கள். கால் வீக்கத்துக்கோ இதயத்துக்கோ கொடுத்திருந்தால் கதை வேறு. நேரத்தை மாற்றிப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

சுக்கான்:
நான் வருடத்துக்கு நான்கு முறை போய்வருகிறேன், எப்போதும் நம் ஊர்க் கடிகாரப்படிதான் போடுவேன். ஒரு குழப்பமும் இல்லை.

வானம்பாடி:
ஒரு வாரப் பயணத்துக்குச் சரி, நான் இருந்தது இரண்டு மாதம். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நினைவு வைத்திருக்க முடியவில்லை. இந்த முறை மறுபடி அங்கே போகும்போது மருத்துவர் சொன்னபடி செய்யப்போகிறேன். இறங்குகிற அன்று உள்ளூர் நேரம் நண்பகல் பன்னிரண்டுக்கு, மறுநாள் பத்துக்கு, அதற்கடுத்த நாள் எட்டுக்கு. காலை எட்டுக்கே போட்டிருந்தால் முந்தையதிலிருந்து 15 மணி நேரம்தான் ஆகியிருக்கும், நண்பகல் என்றால் 19.

சுக்கான்:
நண்பகல் கணக்கு எனக்கு ஒத்துவராது, அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பேன். மேற்கே போனால் என்ன செய்வீர்கள்?

மருந்துக்கடைக்காரர்:
மேற்கே நாள் நீளும். அதே ஒன்பது மணி வித்தியாசத்தில் மறுநாள் காலை எட்டுக்கென்று காத்திருந்தால் 33 மணி நேரம் ஆகிவிடும். அம்லோடிபின் தாங்கும், மற்றதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்னாலேயே பேசி நேரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வானம்பாடி:
இப்போது முழு மாத்திரையும் கைப்பையில். பெயர் இருக்கிற மூலையைக் கடைசி வரை கிழிப்பதில்லை.