கொடை நோட்டீஸ் படத்தில் தேதியை மாற்ற முடியவில்லை, எழுத்தைத் தொட்டால் முழுப் படமும் நகர்கிறது

நெல்லைக்காரி
எங்க ஊர் அம்மன் கோயில் கொடைக்கு போன வருஷ நோட்டீஸ் ஜேபிஜியா வாட்ஸ்அப்ல இருக்கு. ஆன்லைன் டிசைன் தளத்துல ஏத்தி தேதியை மட்டும் மாத்தலாம்னு பார்த்தேன். தேதி மேல ரெண்டு தடவை தட்டினா கர்சர் வரமாட்டேங்குது, முழுப் படமும் செலக்ட் ஆகுது. அதே தளத்துல நான் புதுசா அடிச்ச எழுத்து மட்டும் திருத்த வருது. வரிதாரர் பேர் மட்டும் 62 இருக்கு. எல்லாத்தையும் திரும்ப அடிக்கணுமா?

சதீஷ்
ஜேபிஜியை பிடிஎஃப்பா மாத்தி ஏத்துங்க. பிடிஎஃப்ல எழுத்து திருத்த வரும்.

பழைய டிடிபி
சதீஷ் தம்பி சொல்றது பாதி சரி. நோட்டீஸ் அடிச்ச மூலக் கோப்புலருந்து நேரா எடுத்த பிடிஎஃப்னா, உள்ள எழுத்து எழுத்தாவே இருக்கலாம். ஜேபிஜியை பிடிஎஃப்பா மாத்தினா, படத்தை ஒரு உறையில போட்டது மாதிரிதான்.

ஜேபிஜில 'செவ்வாய்'னு ஒரு சொல்லே கிடையாதும்மா. இந்தப் புள்ளி சிவப்பு, பக்கத்துப் புள்ளி மஞ்சள்னு நிறக் கணக்கு மட்டும்தான். நாம கண்ணால சேர்த்து வாசிக்கிறோம், தளத்துக்கு அது அம்மன் படம் மாதிரி இன்னொரு படம். நீங்க புதுசா அடிச்சதுல எழுத்து, ஃபான்ட், அளவு தனித்தனியா பதிவாகியிருக்கு. அதான் அது திருத்த வருது.

தேதி இருக்கிற இடம் ஒரே நிறமா இருந்தா மூடிட்டு மேல அடிக்கலாம். நிறத்தை எழுத்து ஓரத்துல எடுக்காதீங்க. ஜேபிஜி 8×8 புள்ளிக் கட்டம் கட்டமா சுருக்கும், அதனால எழுத்தைச் சுத்தி அழுக்கு மாதிரி ஒரு கலங்கல் இருக்கும். கொஞ்சம் தள்ளி, சுத்தமான இடத்துல எடுங்க. மூடுற கட்டமும் எழுத்தைவிட எல்லாப் பக்கமும் பத்துப் புள்ளி பெருசா இருக்கட்டும்.

அப்புறம் உடனே புதுத் தேதியை அடிக்க வேண்டாம். மூடுற கட்டத்தை பாதி ஒளிபுகும்படி வச்சு, பழைய தேதியையே அதுமேல அடிங்க. அளவும் இடைவெளியும் பழசோட ஒட்டி நின்னதும் கட்டத்தை முழு நிறமாக்கி, சொல்லை மாத்துங்க.

யாழ்ப்பாணத்தான்
அண்ணா, எனக்கும் இதே பிரச்சினைதான். ஆனால் என்னிடம் இருப்பது பிடிஎஃப். எழுத்தைத் தெரிவு செய்ய முடியுது, ஒட்டினால் `jkpo;` என்று வருது. இதுவும் படமோ?

பழைய டிடிபி
இல்ல தம்பி, உங்களுடையது வேற சங்கதி. அது பாமினி எழுத்து, ஆங்கில எழுத்து இடத்துல தமிழ் வடிவத்தை வச்ச பழைய ஃபான்ட். `jkpo;`ங்கறது 'தமிழ்'தான். யூனிகோடு மாற்றியில போட்டா மீண்டுடும். ஒட்டினா எதுவுமே வரலைன்னாத்தான் அது படம், இல்ல பிரஸ்ல எழுத்தை கர்வ்ஸாக்கி, அதாவது வெறும் கோட்டு வடிவமா மாத்தி கொடுத்திருப்பாங்க.

நெல்லைக்காரி
தேதி அருமையா உட்கார்ந்துச்சுண்ணே. ஆனா இந்த ஒரு வரி பளிச்னு இருக்கு, மத்ததெல்லாம் மங்கலா தெரியுது. ஒட்டுப் போட்டது அப்பட்டமா தெரியுதே?

பழைய டிடிபி
படம் எத்தனை புள்ளி?

நெல்லைக்காரி
1131×1600. ஏ4ல அடிக்கணும்.

பழைய டிடிபி
அப்ப ஒட்டுப் போடாதீங்க. பிரஸ் கேக்குற 300 டிபிஐக்கு, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு, ஏ4 2480×3508 வேணும். உங்க படம் பாதிகூட வராது. அந்த அளவுல புதுப் பக்கம் திறந்து, பழைய படத்தை அடியில பூட்டி வச்சு, அச்சுக்குக் கொடுக்கிறப்ப எடுத்துருங்க. பின்னணி நிறம், பார்டர், எழுத்து எல்லாம் மேல புதுசா வரட்டும். பெயர்களுக்கு மக்தா மலர், ஹிந்த் மதுரை ரெண்டும் நல்லா எடுபடும்.

62 பேரை அடிக்க வேண்டாம். கூகுள் டிரைவ்ல படத்தை ஏத்தி, வலது கிளிக் பண்ணி `Open with` போய் `Google Docs` கொடுங்க. பேர் மூணு பத்தியா இருந்தா ஒவ்வொரு பத்தியையும் தனியா வெட்டி ஏத்துங்க, இல்லைன்னா குறுக்கே வாசிச்சு ஒருத்தர் பேரோட இன்னொருத்தர் பேரை ஒட்டிடும். காலுக்குப் பதிலா 'ர' விழுந்திருக்கான்னும் பாருங்க. சில ஃபான்ட்ல ரெண்டும் ஒண்ணுபோலத் தெரியும். போன் நம்பரை மட்டும் கையால அடிங்க.

சதீஷ்
அம்மன் படத்துக்கு? அது புதுசா அடிக்க முடியாதே.

பழைய டிடிபி
அது முடியாது தம்பி. பெருசாக்கினா மங்கத்தான் செய்யும். நல்ல போட்டோ கேட்டு வாங்குறதுதான் வழி.

நெல்லைக்காரி
பேர் வந்திருச்சு, நாலு இடத்துல 'ர' விழுந்திருந்துச்சு, திருத்திட்டேன். 'முத்தாரம்மன் திருக்கோயில்'ங்கற தலைப்பு எழுத்துதான் எந்த ஃபான்ட்லயும் ஒத்து வரல.

பழைய டிடிபி
ஃபான்ட்தானான்னு முதல்ல பாருங்க. அதுல 'ம்' ரெண்டு இடத்துல வராது, ஆனா 'த' மூணு தடவை இருக்கு. மூணும் அச்சு அசலா ஒண்ணா?

நெல்லைக்காரி
இல்ல. 'திரு'வுல இருக்கிற 'த'வோட வால் மட்டும் நீண்டு வளைஞ்சிருக்கு.

பழைய டிடிபி
அப்ப அது கையால வரைஞ்சதா இருக்கும். தலைப்பை மட்டும் படமா வெட்டி வச்சுக்கலாம், ஆனா அதுவும் மங்கும். மூலக் கோப்பு எங்கன்னு தேடுங்க.

நெல்லைக்காரி
போன வருஷம் அடிச்ச பிரஸ்ல நாளைக்குப் போய்க் கேக்குறேன். கம்ப்யூட்டர் மாத்திட்டதா சொல்றாங்க, கிடைக்குமான்னு தெரியல.