கலைச்சொல் வேண்டும்: ‘டூ-வே டிராவல் டைம்’

செம்மண்:

வணக்கம். நிலவியற்பியல் மாணவர்களுக்கான ஒரு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சைஸ்மிக் ரிஃப்ளெக்‌ஷன் பகுதிக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. தரையில் வெடி வைக்கிறார்கள், அல்லது அதிர்வு லாரியால் தரையைக் குலுக்குகிறார்கள். அலை கீழே போய்ப் பாறை மாறும் இடத்தில் பட்டுத் திரும்புகிறது, ஜியோபோன் அதைப் பிடிக்கிறது. போய்த் திரும்ப ஆன மொத்த நேரம்தான் தலைப்பில் உள்ள சொல். ‘எதிரொலி நேரம்’ என்று வைத்திருக்கிறேன், சரியா?

கூடவே ‘இன்டர்வல் வெலாசிட்டி’க்கும் சொல் வேண்டும். நெதர்லாந்தில் ஸ்லோக்டரன் ஊரில் 1959-ல் கண்டுபிடித்த க்ரோனிங்கன் எரிவாயு வயலை வைத்து ஒரு பயிற்சிக் கணக்கு போட்டிருக்கிறேன். அங்கே வாயு இருக்கும் மணற்பாறை சுமார் 3 கி.மீ. ஆழத்தில், தடித்த உப்புப் படிவத்துக்கு அடியில் கிடக்கிறது. எண்களைக் கணக்குக்காக முழுதாக்கிக்கொண்டேன்: மேல் அடுக்கின் அடி 0.8 விநாடியில், வேகம் நொடிக்கு 2000 மீட்டர். அடுத்ததன் அடி 1.6 விநாடியில், வேகம் 3000. உப்பின் அடி 2.0 விநாடியில், வேகம் 4500. மணற்பாறை எத்தனை மீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது?

எண்சுவடி:

எதிரொலி நேரம் நல்ல சொல், அதையே வையுங்கள். கணக்கும் எளிதுதான், எல்லாரும் சறுக்குவது பாதியாக்க மறப்பதில். 2.0 விநாடி போய்வர ஆனது என்றால் போக மட்டும் 1.0 விநாடி. மூன்று வேகங்களின் சராசரி 3167. ஆக 3167 மீட்டர், முடிந்தது.

கிணற்றடி:

திண்டுக்கல் பக்கம் எங்கள் தோட்டத்தில் போர் போடுவதற்கு முன் ஒருவர் வந்து நாலு கம்பியைத் தரையில் அடித்து, ஒயர் மாட்டி, மீட்டரைப் பார்த்து ‘இருநூறு அடியில் தண்ணீர்’ என்றார். தண்ணீர் வந்தது, ஆனால் அவர் சொன்ன ஆழத்தில் இல்லை. அவரும் இந்தப் பாதியாக்குகிற விஷயத்தைத்தான் விட்டுவிட்டாரா? அவரிடம் எந்த எதிரொலி நேரத்தைக் கேட்டிருக்க வேண்டும்?

பழைய கேபிள்:

கிணற்றடி ஐயா, உங்கள் தோட்டத்தில் நடந்தது வேறு சோதனை. கம்பி வழியாக மின்சாரம் செலுத்தி, மண் எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது அது. அதில் அலையும் இல்லை, எதிரொலியும் இல்லை, பாதியாக்கவும் ஒன்றுமில்லை. ஆழம் தவறியதற்குக் காரணம் வேறாக இருக்கும், அதைத் தனி இழையில் பேசலாம்.

எண்சுவடி பாதியாக்கியது சரி, சராசரி எடுத்த விதம் தப்பு. மூன்று வேகத்தையும் கூட்டி மூன்றால் வகுத்தால், அலை மூன்று அடுக்கிலும் ஒரே அளவு நேரம் இருந்தது என்று ஆகிவிடும். உப்பில் அது இருந்தது மொத்தமே 0.4 விநாடி, மற்ற இரண்டிலும் 0.8, 0.8. உப்பின் வேகத்துக்கு அதற்குரிய பங்கைவிட அதிகம் கொடுத்துவிட்டீர்கள். நேர்வழி, அடுக்கு அடுக்காகப் போவதுதான்:

```
0.8 / 2 × 2000 =  800
0.8 / 2 × 3000 = 1200
0.4 / 2 × 4500 =  900
              = 2900 மீ
```

இரண்டாவது வரியில் 1.6 வராது என்பதைக் கவனியுங்கள். அந்த அடுக்குக்குள் மட்டும் அலை செலவழித்த நேரத்தைத்தான் எடுக்க வேண்டும், 1.6-லிருந்து 0.8 போக மீதி. 3167-க்கும் 2900-க்கும் 267 மீட்டர் வித்தியாசம். துளையிடும் குழுவிடம் இவ்வளவு தள்ளி ஆழம் சொன்னால், எந்த ஆழத்தில் குழாய் இறக்கிச் சிமென்ட் போடுவது என்ற திட்டமே கலைந்துவிடும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘எதிரொலி நேரம்’ எனக்கு ஒத்துவரவில்லை. கிணறு தோண்டியபின் ஜியோபோனைத் தெரிந்த ஆழத்துக்கு இறக்கி, மேலே அதிர்வு கொடுத்து, அலை நேராக வந்து சேரும் நேரத்தைக் குறிப்போம், செக்-ஷாட் என்று சொல்வது அதைத்தான். அங்கே எதிரொலி கிடையாது, ஒருவழிப் பயணம் மட்டும். அதை மேலிருந்து எடுத்த எதிரொலித் தரவோடு ஒப்பிட இரண்டால் பெருக்க வேண்டும். மென்பொருளில் ஏற்றும்போது ஒருவழிக்கு `OWT`, இருவழிக்கு `TWT` என்று இரண்டு தெரிவு வரும், அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதைத் தட்டிவிட்டால் கிணற்றில் 2900 மீட்டரில் கண்ட பாறை படத்தில் 1.0 விநாடியில் போய் உட்காரும், 2.0-ல் இருக்க வேண்டியது. நான் வேலை பார்த்த குழு ஒன்றில் ஒரு மதியம் முழுக்க இதே கூத்து, அந்தப் பாறை இருக்க வேண்டிய இடத்தில் படத்தில் ஒன்றுமே இல்லையே என்று எல்லாரும் திரையை முறைத்துக்கொண்டிருந்தோம். சொல்லிலேயே வழி எத்தனை என்பது தெரிய வேண்டும். ஆகவே இருவழி நேரம், அதற்கு ஜோடியாக ஒருவழி நேரம்.

கரைவலை:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இருவழி நேரம் எனக்குச் சம்மதம். மாமாவின் படகில் உள்ள எக்கோ சவுண்டரிலும் இதே சங்கதிதான், ஆனால் கடல் தண்ணீரில் ஒலி கிட்டத்தட்ட 1500 என்ற ஒரே வேகத்தில் போவதால் கருவியே பாதியாக்கி, பெருக்கி, ஆழத்தை நேராகக் காட்டிவிடும். அதைப் பார்த்துப் பழகிய நான் சைஸ்மிக் படத்தின் கீழ்நோக்கிய அச்சையும் ஆழம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் பாடநூலில் வெலாசிட்டி ‘திசைவேகம்’, ஸ்பீட் ‘வேகம்’. எங்கள் நூல்களில் வெலாசிட்டியே ‘வேகம்’, ஸ்பீட் ‘கதி’. ரிஃப்ளெக்‌ஷனுக்கு நாங்கள் ‘தெறிப்பு’ என்போம். ‘திசைவேகம்’ என்று போட்டால் எங்கள் பிள்ளைகள் விழிப்பார்கள், ‘கதி’ என்றால் உங்கள் பிள்ளைகள் வேறு எதையோ நினைப்பார்கள். இந்தத் துறையில் வெலாசிட்டி என்று சொன்னாலும் பெரும்பாலும் வெறும் எண்தானே, திசை பேசுவதில்லையே. அப்படியானால் ‘வேகம்’ போதும், இரு கரைக்கும் புரியும்.

செம்மண்:

‘வேகம்’ என்றே வைக்கிறேன், நன்றி. இன்டர்வல் வெலாசிட்டி அப்போது ‘அடுக்கு வேகம்’ ஆகுமா?

எண்சுவடி:

ஆகும். ஆனால் ஒரு கேள்வி. கிணறே தோண்டாத இடத்தில் இந்த 2000, 3000, 4500 எல்லாம் எங்கிருந்து வருகின்றன? மேலிருந்து எடுத்த தரவிலேயே வேகம் கிடைக்கும் என்று படித்திருக்கிறேன். 2.0 விநாடிக்கு எதிரே ஒரு வேகம் குறித்திருப்பார்கள், அதை 1.0 ஆல் பெருக்கினால் ஆழம் வந்துவிடாதா?

பழைய கேபிள்:

கிட்டே வந்துவிட்டீர்கள். வெடித்த இடத்திலிருந்து தூரத்தில் உள்ள ஜியோபோனுக்கு எதிரொலி கொஞ்சம் தாமதமாக வரும். தூரம் கூடக்கூட எவ்வளவு தாமதம் என்பதிலிருந்து ஒரு வேகம் கிடைக்கும். அது மேலிருந்து அந்த எல்லைவரை உள்ள எல்லா அடுக்குக்கும் சேர்த்து ஒன்று, அதுவும் ஆழம் காண உதவும் சராசரி அல்ல. ஒவ்வொரு வேகத்தையும் வர்க்கமாக்கி, நேரத்தின் பங்குப்படி சராசரி எடுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வருவது. செம்மண் கணக்கில் அது 3041 வரும். அதை 1.0 ஆல் பெருக்கினால் 3041 மீட்டர், உண்மையைவிட 141 மீட்டர் ஆழம். வர்க்கமாக்குவதால் வேகமான அடுக்கின் கை ஓங்கிவிடுகிறது, அடுக்குகளின் வேகம் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் இந்தத் தவறு எப்போதும் ஆழத்தைக் கூட்டும் பக்கமே போகும்.

அதிலிருந்து ஒவ்வொரு அடுக்கின் வேகத்தையும் உரித்தெடுக்க டிக்ஸ் 1955-ல் வெளியிட்ட வாய்ப்பாடு உண்டு. உப்பின் மேற்பரப்பான 1.6 விநாடியில் அந்த வேகம் சுமார் 2550:

```
(3041² × 2.0 − 2550² × 1.6) / 0.4  →  √  ≈ 4500
```

அழகாக 4500 வந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். 3041-க்குப் பதில் 3100 என்று, இரண்டு சதவீதம்தான் கூட்டிக் குறித்தீர்கள் என்று வையுங்கள், உப்பின் வேகம் ஏறக்குறைய 4700 ஆகிவிடும். அடுக்கு மெலிய மெலிய இந்தத் தவறு இன்னும் ஊதிப் பெருகும். பக்கத்தில் ஒரு கிணற்றின் செக்-ஷாட் இருந்தால் அதை வைத்துத்தான் சரிபார்ப்போம்.

இதனாலேயே ‘அடுக்கு வேகம்’ என்பதில் எனக்குத் தயக்கம். இரண்டு நேரங்களுக்கு நடுவே உள்ளதன் வேகம்தான் இன்டர்வல் வெலாசிட்டி. அந்த நடுப்பகுதி ஒரே பாறையாக இருக்கும் என்று கட்டாயமில்லை. க்ரோனிங்கன் உப்பிலேயே அன்ஹைட்ரைட் பட்டைகள் உண்டு, அவற்றில் அலை உப்பைவிட நன்றாகவே வேகமாகப் போகும். ‘அடுக்கு’ என்றதும் மாணவர் ஒரே பாறை என்று எடுத்துக்கொள்வார்.

கரைவலை:

‘இடைவேகம்’?

எண்சுவடி:

நடுத்தர வேகம் என்று படிக்கத் தோன்றுகிறது.

செம்மண்:

அடுக்கு வேகத்தை இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன், முதல்முறை வரும் இடத்தில் பழைய கேபிள் சொன்னதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுகிறேன். அடுத்து, ‘வெலாசிட்டி புல்-அப்’. நான் ‘வேகத் தூக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கிணற்றடி:

தூக்கம் என்றால் உறக்கம் என்று படிப்பார்கள் அம்மா. அது என்ன விஷயம் என்று எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கள், தொடர்ந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பழைய கேபிள்:

செம்மண் கணக்குப் போட்ட இடத்தை விட்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள் ஐயா. அங்கேயும் மணற்பாறை அதே 2900 மீட்டரில் சமமாகவே கிடக்கிறது. ஆனால் உப்பு காலப்போக்கில் பிதுங்கி மேலேறி 900 மீட்டருக்குப் பதில் 1800 மீட்டர் தடிமனாகி, நடு அடுக்கு 1200-லிருந்து 300 ஆகச் சுருங்கிவிட்டது. இப்போது இருவழி நேரம் மேலடுக்கில் 0.8, நடு அடுக்கில் 0.2, உப்பில் 0.8, மொத்தம் 1.8 விநாடி. முதல் இடத்தில் 2.0. படத்தின் கீழ்நோக்கிய அச்சு நேரம் என்பதால், தட்டையான மணற்பாறை உப்புக்கு அடியில் 0.2 விநாடி மேலே எழுந்து மேடுபோலத் தெரியும். இல்லாத மேடு. அதில் வாயு தேங்கியிருக்கும் என்று நம்பித் துளையிட்டால் பணம் போயிற்று.

கண்டுபிடிக்க ஒரு வழி: மேட்டின் வடிவம் மேலே உள்ள உப்பின் வடிவத்தையே பின்பற்றும், அதற்குக் கீழே உள்ள எல்லைகளும் அதே இடத்தில், அதே அளவு எழுந்திருக்கும். உண்மையான மடிப்பு என்றால் ஒவ்வொரு எல்லையும் அப்படியே ஒன்றுபோல எழுவது அரிது. ஆழமாக மாற்றிப் பார்த்தால் பொய்மேடு தட்டையாகிவிடும், உப்பின் வேகத்தைச் சரியாகக் கொடுத்திருந்தால் மட்டும். தடித்த உப்பில் 4500-க்குப் பதில் 4600 போட்டாலே 40 மீட்டர் கீழே போய்விடும். தாழ்வான ஒரு மேட்டை வரைபடத்திலிருந்து துடைக்க அது போதும்.

சொல்லுக்கு என் யோசனை ‘பொய்மேடு’.

கரைவலை:

எதிர்ப்பக்கம் என்ன செய்வீர்கள்? மேலே வாயு தங்கிய மண் இருந்தால் வேகம் குறைந்து, அடியில் உள்ளது குழிபோலத் தொங்கும் அல்லவா? ‘பொய்க்குழி’யா? அந்த விளைவுக்குப் பெயர் வேண்டும், மேட்டுக்கு மட்டும் பெயர் வைத்தால் காரணம் வேகம் என்பது தெரியாமல் போய்விடும். ‘வேக ஏற்றம்’, ‘வேக இறக்கம்’ என்று ஜோடியாக வைத்தால்?

எண்சுவடி:

‘வேக ஏற்றம்’ என்றால் வேகம் கூடியது என்றுதான் படிப்பேன். பொய்மேடு, பொய்க்குழி படித்தவுடனே புரிகிறது, எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

பழைய கேபிள்:

கரைவலை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அலையின் பாதை கோணலாகிவிட்டாலும் படத்தில் பொய்யான மேடு வரும், அதற்கும் மேலே உள்ள அடுக்கின் தடிமனுக்கும் சம்பந்தமில்லாமல்கூட. இரண்டையும் பொய்மேடு என்றே சொல்வோமா?

செம்மண்:

இருவழி நேரம், ஒருவழி நேரம் இரண்டையும் கையேட்டில் ஏற்றிவிட்டேன், 2900 கணக்கோடு. பொய்மேடு பற்றி இன்னும் யாராவது சொல்லுங்கள், ஞாயிறு வரை அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கிறேன்.